அழித்த பிறகும் தெரியும் எழுத்து

"அண்ணே, போன்ல பார்த்தா நல்லாத்தான் இருக்கு. பெருசா பிரிண்ட் போட்டா மட்டும் கட்டம் கட்டமாத் தெரியுது. எழுத்தை எடுத்தாச்சு, ஆனா எழுத்து இன்னும் இருக்கு."

என் ஸ்டுடியோவுக்கு வந்த அந்தப் பெண்மணி மேசைமேல் ஒரு பிரிண்டை விரித்து வைத்துவிட்டுச் சொன்னது இது. படத்தில் இருந்தவர் அவருடைய அப்பா. பின்னால் நீலமும் சாம்பலும் கலந்த ஸ்டுடியோத் திரை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. நெஞ்சுக்கு நேரே குறுக்காக, மங்கலாக, நான்கு எழுத்து: அஞ்சலி. பக்கத்தில் நின்று பார்த்தால் சதுரம் சதுரமான அழுக்கு. நாலடி தள்ளி நின்றால் அந்தச் சதுரங்கள் ஒன்றுகூடி மறுபடி அதே சொல்லாகின்றன.

அவர் இறந்தபோது போஸ்டர் அடித்திருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரர் படத்தின் மேலேயே சிவப்பு எழுத்தில், வெள்ளை விளிம்பு கட்டி, அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். வருடத் திவசத்துக்குப் பெரிய படம் மாட்டலாம் என்று தேடியபோது மூலப் படம் யாரிடமும் இல்லை. ஃபிளெக்ஸ் கடைக் கணினியை ஃபார்மட் செய்துவிட்டார்கள். குடும்பக் குழுவில் சுற்றிய போஸ்டர்தான் மிச்சம். அண்ணன் மகன் அதைப் போனிலேயே ஒரு செயலியில் போட்டு எழுத்தை விரலால் தேய்த்து அழித்து சேவ் செய்தான். மறுநாள் படம் இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சம் கூட்டி மறுபடி சேவ். பிறகு போஸ்டரின் பார்டரை வெட்டிவிட்டு இன்னொரு சேவ். அதைக் குழுவில் அனுப்பியபோது செய்திச் செயலி தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கியது. எழுத்து இருந்த பழைய போஸ்டர் குழுவிலிருந்து தானாக அழிந்துபோயிருந்தது. கடைசியில் என் கைக்கு வந்தது 900 பிக்சல் அகலமும் 1200 பிக்சல் உயரமும் உள்ள ஒரு ஜேபெக் கோப்பு மட்டும்.

போனில் தெரியாதது பிரிண்டில் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஜேபெக் ஒரு படத்தை 8 பிக்சலுக்கு 8 பிக்சல் என்ற சதுரங்களாக வெட்டித்தான் சேமிக்கும். 900 பிக்சல் படம் ஆறரை சென்டிமீட்டர் அகலமுள்ள போன் திரையில் அடங்கும்போது, ஒரு சதுரம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கண் அதைப் பிரித்துப் பார்க்காது. அதே படத்தை 9 அங்குலத்துக்கு 12 அங்குலமாக அச்சடித்தால் ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் கிடைக்கும். அப்போது ஒவ்வொரு சதுரமும் 2 மில்லிமீட்டர். சுவரில் மாட்டினால் எல்லோர் கண்ணுக்கும் படும்.

அந்தச் சதுரங்களுக்குள் அழுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதை எடுக்கும் வழி புரியும். எட்டுப் புள்ளி, எட்டு வரிசைக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள். ஜேபெக் அந்தப் புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொன்றாக எழுதி வைப்பதில்லை. அதனிடம் 64 அலை வடிவங்கள் இருக்கின்றன. முதலாவது அலையே இல்லாத சமநிலை, அதாவது சதுரத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்தவை மெல்ல ஏறி இறங்கும் அலைகள். கடைசியில் வருபவை ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி மாறும் மிக நெருக்கமான அலைகள். எந்த அலையை எவ்வளவு கலந்தால் இந்தச் சதுரம் கிடைக்கும் என்ற அளவைத்தான் ஜேபெக் எழுதி வைக்கிறது.

இந்தக் கணக்குக்கு வழி கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதை ஆராயப் பண உதவி கேட்டு 1972-இல் விண்ணப்பித்தார். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது. ஆனாலும் விடாமல், தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்து 1974 ஜனவரியில் வெளியிட்டார். 1992-இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் அதன்மேல்தான் நிற்கிறது. நம் கையில் இருக்கும் போட்டோக்களில் பெரும்பாலானவை இந்த மூவரின் கணக்கு வழியாக வந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கோப்பு சிறிதாவது இதற்கு அடுத்த படியில். ஒவ்வோர் அலையின் அளவையும் ஓர் எண்ணால் வகுத்து, வரும் விடையை முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். தரநூலில் மாதிரியாகத் தந்திருக்கும் அட்டவணையில் சராசரி வெளிச்சத்துக்கு வகுக்கும் எண் 16. மிக நெருக்கமான அலைக்கு 99. அந்த நெருக்கமான அலையின் அளவு 40 என்றால், 99-ஆல் வகுத்து முழு எண்ணாக்கும்போது பூஜ்யமாகிவிடும். அந்த அலை படத்தை விட்டே போய்விட்டது. அளவு 120 என்றால் விடை 1. திறக்கும்போது அது 99 ஆகத் திரும்பி வரும். 21 குறைந்துவிட்டது.

முகம், வானம், திரைத்துணி போன்ற மென்மையான இடங்களில் நெருக்கமான அலைகள் அதிகம் இல்லாததால் இந்த இழப்பு தெரியாது. எழுத்து அப்படியல்ல. சிவப்பு எழுத்தின் விளிம்பு ஒரே பிக்சலில் நீலத்துக்குத் தாவுகிறது. அப்படி ஒரு செங்குத்து விளிம்பை உருவாக்க ஏறக்குறைய எல்லா அலைகளும் சரியான அளவில் சேர வேண்டும். எழுத்து இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சரியாக அடித்துக்கொண்டு மறைய வேண்டும். நாலைந்து அலைகளின் அளவு மாறியதும் அந்த அடிதடிக் கணக்கு பிசகுகிறது. விளைவு, எழுத்தைத் தொட்ட சதுரம் முழுவதும் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் சிதறுகின்றன. எழுத்தின் ஓரத்தில் கொசு மொய்ப்பது போல இருக்கும். ஆங்கிலத்திலும் இதைக் கொசு இரைச்சல் என்றுதான் சொல்கிறார்கள்.

நிறத்தில் இது இன்னும் பரவும். மனிதக் கண் நிறத்தைவிட வெளிச்சத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும் என்பதால், பெரும்பாலான செயலிகள் நான்கு பிக்சலுக்கு ஒரே ஒரு நிற மதிப்பை வைத்துக்கொள்கின்றன. ஆகவே நிறத்தின் சதுரம் படத்தில் 16-க்கு 16 பிக்சல். சிவப்பு எழுத்தின் சாயம் அந்தப் பெரிய சதுரம் முழுக்கக் கசியும். நீலத் திரையில் ரோஜா நிறத் திட்டுகள் தெரிந்ததன் காரணம் இதுதான்.

ஆக, அந்த எழுத்தின் எல்லை அதன் சிவப்பு மை முடியும் இடத்தில் இல்லை. அது தொட்ட கடைசிச் சதுரத்தின் ஓரத்தில் இருக்கிறது. அண்ணன் மகன் விரலால் தேய்த்தபோது சிவப்பு மையை மட்டும் தேய்த்தான். செயலி அந்த இடத்தை வழவழவென்று நிரப்பியது. சுற்றியிருந்த கொசுக்கூட்டம் அப்படியே நின்றது. வழவழப்பான நடு, அழுக்கான ஓரம் என்று எழுத்தின் வடிவம் தப்பிப் பிழைத்துவிட்டது.

பல முறை சேவ் செய்ததால் படம் கெட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. படத்தைத் திறந்து பார்ப்பதாலும், நகல் எடுப்பதாலும் எதுவும் கெடாது. ஒரே தர அளவில், எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப சேவ் செய்தாலும், முதல் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு பெரிய இழப்பு இருக்காது. முழு எண்ணாக்கிய அளவுகள் மறுபடி அதே முழு எண்களாகத்தான் வரும். கேடு வருவது இரண்டு சேவ்களுக்கு நடுவே ஏதாவது மாறும்போது. வெளிச்சம் கூட்டினால் அளவுகள் மாறி, புதிதாக முழு எண்ணாக்க வேண்டிவரும். இன்னொரு செயலி வேறு தர அளவில் சேமித்தால் வகுக்கும் எண்ணே மாறும். எல்லாவற்றிலும் மோசம் ஓரத்தை வெட்டுவது. சதுரங்கள் எப்போதும் படத்தின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணப்படும். மூலையிலிருந்து 13 பிக்சலை வெட்டியெடுத்தால், புதிய சதுரங்கள் பழைய சதுரங்களின் நடுவே குறுக்கிடும். பழைய சதுரத்தின் ஓரம் இப்போது புதிய சதுரத்துக்குள் ஒரு விளிம்பாகத் தெரிய, ஜேபெக் அதையும் படத்தின் பகுதி என்று நம்பி, அதைச் சுற்றி இன்னொரு கொசுக்கூட்டத்தை உண்டாக்கும்.

இந்தப் படத்தில் நடந்தது இதுவே. கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது:

```
identify -format "%w %h %Q %[jpeg:sampling-factor]\n" appa.jpg
```

வந்த விடை `900 1200 71 2x2,1x1,1x1`. அகலம், உயரம், உத்தேசத் தர அளவு 71, கடைசியில் நிறம் நான்குக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி. 71 என்பது கடைசியாக சேவ் ஆனதன் அளவு மட்டுமே. அதற்கு முன்னால் பட்ட அடிகளை இது சொல்லாது.

அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நான் பயன்படுத்துவது இலவச மென்பொருளான கிம்ப். முதலில் கோப்பைத் திறந்ததும் அதன் சொந்த வடிவமான `.xcf`-இல் சேமித்துக்கொண்டேன். வேலை முடியும்வரை ஜேபெக் பக்கம் போகக் கூடாது. `Image > Precision` பட்டியலில் 16 பிட்டுக்கு மாற்றினேன். மென்மையான நிற ஏற்ற இறக்கத்தை 8 பிட்டில் திருத்தினால் வரி வரியாகப் படிக்கட்டு தெரியும்.

அடுத்து, படத்தின் நகல் ஒன்றை மேல் லேயராக வைத்து, `Colors > Curves` கோட்டைத் திரையின் வெளிச்சம் இருக்கும் பகுதியில் மட்டும் செங்குத்தாக நிறுத்தினேன். படம் கோரமாகத் தெரியும்; பரவாயில்லை, இது திருத்தம் அல்ல, எக்ஸ்ரே. மறைந்திருந்த அழுக்கு எல்லாம் வெளியே வந்தது. `View > Show Grid` போட்டு, `Image > Configure Grid` பெட்டியில் இடைவெளியை 8 பிக்சல் என்று வைத்தேன். சில சதுரங்கள் கோட்டோடு கச்சிதமாகப் பொருந்தின. எழுத்தைச் சுற்றியிருந்தவை பொருந்தவில்லை. அதே பெட்டியில் கட்டத்தின் தொடக்கத்தை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திப் பார்த்ததில், வலப்பக்கம் 3, கீழே 5 என்ற இடத்தில் அவை சரியாக உட்கார்ந்தன. 16 பிக்சல் நிறச் சதுரங்களும் அங்கேயே பொருந்தின. பையன் பார்டரை வெட்டியபோது இடப்பக்கம் 13 பிக்சலும் மேலே 11 பிக்சலும் போயிருக்கின்றன. 16-இல் மிச்சம் 3, 5. அப்படியாக ஒரே படத்தில் இரண்டு கட்ட அமைப்புகள் இருப்பது தெரிந்தது. எழுத்தின் கறை பழைய கட்டத்தில் இருக்கிறது. அந்தக் கறை உண்டாக்கிய கறை புதிய கட்டத்தில் இருக்கிறது.

இதை வைத்து எவ்வளவு இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கணக்கிடலாம். எழுத்து இருந்த இடம் இடமிருந்து 101-ஆவது பிக்சல் முதல் 437 வரை, மேலிருந்து 870 முதல் 941 வரை. பழைய 16 பிக்சல் கட்டத்தின் ஓரங்களுக்கு அதை விரித்தால் 99 முதல் 451, 869 முதல் 949. அதையும் புதிய கட்டத்தின் ஓரங்களுக்கு விரித்தால் 96 முதல் 464, 864 முதல் 960. எழுத்தின் அகலம் 336 பிக்சல். சுத்தம் செய்ய வேண்டிய அகலம் 368. உயரம் 71, சுத்தம் செய்ய வேண்டியது 96. அதாவது பரப்பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இந்தக் கூடுதல் பட்டையைத்தான் எல்லோரும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். எழுத்து பேயாகத் திரும்பி வருவது அங்கிருந்துதான்.

நான் முதலில் நிறத்தை எடுத்தேன். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் இரண்டும் கெடும். படத்தின் நகல் லேயருக்கு `Gaussian Blur` 16 பிக்சல் கொடுத்து, லேயரின் கலப்பு முறையை `LCh Color` என்று மாற்றினேன். இப்போது அந்த லேயரின் நிறம் மட்டும் கீழே இறங்கும். வெளிச்சத்தின் விவரம் பழையபடி நிற்கும். கருப்பு மாஸ்க் போட்டு மூடிவிட்டு, கணக்கிட்ட இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்தேன். நீலத் திரைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் தனித்தனி லேயர் வைத்தேன். இல்லையென்றால் திரையின் நீலம் சட்டையில் ஏறிவிடும். ரோஜாத் திட்டுகளில் பெரும்பகுதி இந்த ஒரே படியில் போயிற்று. திட்டு கெட்டியாக இருந்த இரண்டு இடங்களில், பக்கத்துத் திரையின் நிறத்தைத் தொட்டு அதே லேயரில் பூசினேன்.

பிறகு திரையின் வெளிச்சம். அங்கே தேய்த்தல், குளோன் எதுவும் வேண்டாம். ஸ்டுடியோத் திரை மேலிருந்து கீழாக மெல்ல இருட்டாகும் ஓர் எளிய சரிவு. அதைப் புதிதாகவே போட்டுவிடலாம். நிறம் தொட்டெடுக்கும் கருவியில் சராசரி எடுக்கும் வசதியை 10 பிக்சல் ஆரத்துக்கு வைத்து, கறை இல்லாத மேல்பகுதியில் ஒன்று, கீழ்ப்பகுதியில் ஒன்று என இரண்டு நிறம் எடுத்தேன். ஒரே பிக்சலைத் தொட்டால் அது கொசுப் புள்ளியாக இருந்துவிடும்; சராசரி எடுத்தால் அந்த ஆபத்து இல்லை. அந்த இரண்டு நிறத்துக்கு நடுவே சரிவு நிரப்பி, மாஸ்க்கின் ஓரத்தை 12 பிக்சல் மென்மையாக்கினேன். மென்மையாக்கும் ஓரம் கணக்கிட்ட எல்லைக்கு வெளியே, சுத்தமான இடத்தில் விழ வேண்டும். உள்ளே விழுந்தால் கறை பாதி தெரியும். திரை இடமிருந்து வலமாகவும் கொஞ்சம் வெளிச்சம் கூடியதால், இதை இரண்டு பட்டைகளாகச் செய்தேன்.

இவ்வளவோடு விட்டுவிட்டால் இன்னொரு குறை வரும். பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு படத்தைத் திருத்தி, திரையில் அழகாக இருக்கிறதென்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பிரிண்டில் அந்த இடம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டியதுபோல வழவழவென்று தனித்து நின்றது. காரணம், ஒரு போட்டோவில் வெற்றுத் திரைகூட முழு வெறுமையாக இருப்பதில்லை. கேமராவின் மணல் போன்ற இரைச்சல் எங்கும் இருக்கும். அன்றிலிருந்து நிரப்பிய இடத்தில் மணல் தூவாமல் விடுவதில்லை. `Filters > Noise > RGB Noise` பெட்டியில் `Independent RGB` என்பதை எடுத்துவிட்டால் நிறமற்ற மணல் வரும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சுற்றியுள்ள படம் பல முறை ஜேபெக் ஆனதால் அதன் மணல் கூர்மை இழந்து கொஞ்சம் திரண்டிருக்கும். நாம் தூவும் மணல் புதிதாக, கூராக இருந்தால் அதுவும் தனித்துத் தெரியும். எனவே தூவிய பிறகு அந்த லேயரை 0.6 பிக்சல் அளவு மங்கலாக்கினேன். அளவைக் கண்ணால்தான் முடிவு செய்ய வேண்டும்: 200 சதவீத ஜூமில், திருத்திய இடமும் பக்கத்து இடமும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியாத வரை.

சட்டைதான் கடினம். எழுத்தின் வலது பாதி, 'ச'வும் 'லி'யும், சட்டையின் மடிப்புகள் மேல் இருந்தன. மடிப்பைச் சரிவு போட்டு நிரப்ப முடியாது. மங்கலாக்கினால் துணி மாவாகிவிடும். அங்கே அதே சட்டையின் கீழ்ப்பகுதியிலிருந்து துணியை எடுத்து ஒட்டினேன். ஒட்டும்போது, எடுத்த இடத்துக்கும் வைத்த இடத்துக்கும் உள்ள தூரம் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 16-இன் மடங்காக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கட்டத்தின் தொடக்கத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, இடைவெளியை 16 ஆக்கி, `View > Snap to Grid` போட்டுவிட்டால், வெட்டுவதும் வைப்பதும் தானாகவே கட்டத்தில் ஒட்டும். எடுக்கும் துணியிலும் ஜேபெக் சதுரங்களின் மெல்லிய தடம் இருக்கிறதல்லவா? மடங்கு தவறினால் அந்தத் தடம் பக்கத்துத் தடத்தோடு ஒத்துப்போகாமல், படத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் பிறந்துவிடும். மடங்கு சரியாக இருந்தால் ஒட்டிய துணி சுற்றியுள்ள துணியோடு இழை பிசகாமல் உட்காரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல படங்களைக் கெடுத்த பிறகே பிடிபட்டது.

'லி'யின் சுழி சட்டைப் பையின் விளிம்பில் விழுந்திருந்தது. செயலி அந்த இடத்தை வெள்ளையால் நிரப்பியிருந்தது. "அப்பா பையில எப்பவும் நீல மூடி பேனா இருக்கும்ணே" என்றார் அந்தப் பெண்மணி. இந்தப் படத்திலும் இருந்ததா என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. கோப்பிலும் அதற்குச் சாட்சி இல்லை. சிவப்பு மைக்கு அடியில் இருந்ததை ஜேபெக் ஒருபோதும் பார்த்ததே இல்லை, எனவே எந்தத் திருத்தத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பேனாவை நான் வரையவில்லை. பையின் விளிம்பை மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்த கோட்டைச் சேர்த்து முடித்து, அங்கே நான் செய்தது இவ்வளவுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் அதுவே சரி என்றார். எழுத்து கண்மேலோ வாய்மேலோ விழுந்திருந்தால் இந்த வேலையை எடுத்திருக்கவே மாட்டேன். அது வேறு ஒருவரின் முகமாகிவிடும்.

செய்யாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். படம் முழுவதையும் மங்கலாக்கிக் கட்டங்களை மறைப்பது பலர் செய்யும் குறுக்குவழி. அப்பாவின் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். ஷார்ப்பன் கொடுப்பது அதைவிடத் தவறு. ஜேபெக் சதுரத்தின் ஓரமும் ஒரு விளிம்புதான், ஷார்ப்பன் அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டும். ஜேபெக் கோப்பைத் திறக்கும்போதே சதுரங்களைச் சமப்படுத்தும் `jpeg2png` போன்ற கருவிகள் உண்டு. முழு எண்ணாக்கும்போது ஒவ்வோர் அலையும் எந்த எல்லைக்குள் இருந்திருக்க முடியும் என்று பார்த்து, அந்த எல்லைக்குள் மிக மென்மையான படத்தைத் தேர்ந்தெடுப்பது அவற்றின் வழி. நல்ல வழிதான். ஆனால் அவற்றுக்குக் கடைசி சேவின் கட்டம் மட்டுமே தெரியும். 3, 5 என்று நகர்ந்துபோன பழைய கட்டம் அவற்றுக்குப் படத்தின் ஒரு பகுதியே. ஒரே முறை சேவ் ஆன கோப்புக்கு அவற்றைப் பயன்படுத்துவேன், இதற்குப் பயன்படுத்தவில்லை.

முடிந்த பிறகு மறுபடி எக்ஸ்ரே. முன்பு போட்ட அதே செங்குத்து கர்வைத் திருத்திய படத்தின் நகலுக்குப் போட்டுப் பார்த்தேன். முதல்முறை, 'அ' இருந்த இடத்தின் மேல் ஓரத்தில் இரண்டு சதுரங்கள் விடுபட்டது தெரிந்தது. அவற்றையும் மாஸ்க்கில் சேர்த்தேன். அடுத்து படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். பேய் எழுத்து பெரிதாக்கும்போது ஒளிந்துகொள்ளும், சுருக்கும்போது வெளியே வரும். அந்தப் பிரிண்ட் நாலடி தூரத்தில் வாசிக்கும்படி இருந்ததும் இதனால்தான். கடைசியாக, அந்தப் பெண்மணியோடு வந்திருந்த, கதை எதுவும் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படத்தைக் காட்டி, எங்காவது கண் உறுத்துகிறதா என்று கேட்டேன். என்ன சொல் இருந்தது என்று தெரிந்தவர் கண்ணை நம்ப முடியாது. இல்லாத இடத்திலும் அது வாசித்துவிடும். அவர் சட்டைக் காலரின் அழுக்கைக் காட்டினார். அது மூலப் படத்திலேயே இருந்தது.

அச்சுக்கு பிஎன்ஜி கோப்பாகக் கொடுத்தேன். அது எதையும் இழக்காது. போனில் வைத்துக்கொள்ள ஒரு ஜேபெக் கேட்டார். ஒரே முறை, தரம் 95, நிறத்தைக் குறைக்காத `4:4:4` அமைப்பில் ஏற்றுமதி செய்து, படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினேன். படமாக அனுப்பினால் செய்திச் செயலி மறுபடி சுருக்கும்.

இரண்டரை மணி நேரம் பிடித்த வேலை இது. ஃபிளெக்ஸ் கடையில் அந்தப் போஸ்டரை வடிவமைத்த நாளில் எழுத்து ஒரு தனி லேயராகத்தான் இருந்திருக்கும். ஒரு கண் சின்னத்தை அழுத்தினால் அது மறைந்து, அப்பா மட்டும் நின்றிருப்பார். உங்கள் வீட்டில் கல்யாணமோ காரியமோ, எதற்குப் போஸ்டர் அடித்தாலும், பணம் கொடுத்துவிட்டு வெளியே வருவதற்கு முன், எழுத்து போடாத படத்தையும் வடிவமைத்த கோப்பையும் ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.